விடையைக் கேட்கக் கற்றல்: பந்திங்கில் ஒரு வழிகேட்கும் உரையாடலும் அதன் ஒலிபெயர்ப்பும்

மொழி பயிற்றும் கையேடுகளில் தவறாமல் இடம்பெறும் உரையாடல் ஒன்று உண்டு. ஊருக்குப் புதியவர் ஒருவர் நிலையத்துக்கு வழி கேட்கிறார். ஊரார் ஒருவர் வழி சொல்கிறார். கையேட்டை எழுதுவோர் கேள்வியைச் செம்மையாக அமைப்பதில் மிகுந்த அக்கறை காட்டுவர். “தொடர்வண்டி நிலையம் எங்கே இருக்கிறது?” என்னும் தொடரை மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பார். ஆனால் தெருவில் இடர்ப்பாடு தோன்றுவது கேள்வியில் அன்று. எந்த நடையில் கேட்டாலும் கேள்வி ஊராருக்கு விளங்கிவிடும். விடையோ ஊர்ப்பேச்சில், ஊரார் பேசும் விரைவில், ஊராருக்கு மட்டும் பழகிய சொற்களோடு வரும். அந்த விடை விளங்காத மாணவருக்குச் செம்மையான கேள்வியால் பயன் இல்லை.

ஆகவே வழிகேட்கும் உரையாடலைப் பேச்சுவழக்கில் எழுதும்போது விடைக்கே முதலிடம் தர வேண்டும் என்பது நமது கருத்து. அதனோடு மற்றொன்றும் சேர்கிறது. பேச்சை அச்சில் காட்டுவதற்கு வழக்கமான எழுத்துமுறை மட்டும் போதாது. காதில் விழுவதைக் கண்ணுக்குக் காட்டும் ஒலிபெயர்ப்பு வரி ஒன்றும் உடன் வேண்டும். இவ்விரண்டையும் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் நகரில் நிகழ்வதாக நாம் அமைத்த ஓர் உரையாடலைக் கொண்டு விளக்குவோம்.

பந்திங்கைத் தேர்ந்த காரணம்

பந்திங், கோல லங்காட் மாவட்டத்தின் முதன்மை நகரம். சூழவுள்ள தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களுக்கு இதுவே கடைத்தெருவுக்கு வரும் ஊர். இந்நகரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. தொடர்வண்டி ஏற விரும்புவோர், கூட்டரசின் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, சுங்கை மங்கிஸ், செஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங் ஆகிய ஊர்களைக் கடந்து, கிள்ளானை அடைய வேண்டும். கிள்ளானோ இருப்புப்பாதையோடு நெடுநாள் தொடர்புடைய நகரம். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை 1886இல் பாதை திறக்கப்பட்டது. 1890இல் கிள்ளான் ஆற்றைக் கடந்து பாதை நகருக்குள் வந்தது. இன்று அந்நிலையத்தில் ஒரு திசையில் செல்லும் வண்டி கோலாலம்பூர் சென்ட்ரலுக்கும், மறுதிசையில் செல்லும் வண்டி போர்ட் கிள்ளானுக்கும் போகும்.

எனவே பந்திங்கில் நின்று “ரயில் ஸ்டேசன் எங்கே?” என்று கேட்பவருக்கு, “அதோ இருக்கிறது” என்னும் விடை கிடைக்க வழியில்லை. முதலில் ஒரு மறுப்பு வரும். பிறகு வேறோர் ஊரின் பெயர் வரும். அதற்குப் பிறகுதான் பேருந்து நிலையத்துக்கு வழி வரும். கையேடுகள் மாணவரை ஆயத்தப்படுத்தாத விடை இத்தகையதே. இக்காரணத்தாலேயே பந்திங்கைத் தேர்ந்தோம்.

உரையாடல்

பயணி, தமிழை நூல்வழிக் கற்ற இளைஞர். வழி சொல்பவர் நடுவயதுக் கடைக்காரப் பெண்மணி. இதில் வரும் திருப்பங்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. எவரும் இதை நகரின் வரைபடமாகக் கொள்ள வேண்டா.

பயணி: அக்கா, ரயில் ஸ்டேசன் எங்க இருக்கு?

அக்கா: ரயிலா? பந்திங்ல ரயில் இல்ல தம்பி. கிள்ளானுக்குத்தான் போவணும்.

பயணி: கிள்ளானுக்கு எப்படிப் போறது?

அக்கா: பஸ்ஸுலயே போயிரலாம். பஸ் ஸ்டேசன் தெரியுமா?

பயணி: தெரியாதுக்கா.

அக்கா: இந்தச் சடக்குலயே நேரா போங்க. மொத சிம்பாங் வரும், அதுல திரும்பாதீங்க. ரெண்டாவது சிம்பாங்ல ரைட்டுல திரும்புங்க.

பயணி: ரெண்டாவது சிம்பாங், ரைட்டு.

அக்கா: ஆமா. கொஞ்ச தூரம் போனா பசார் வரும். பசாரத் தாண்டிட்டா பஸ் நிக்கிறது தெரியும்.

பயணி: கிள்ளான்ல எங்க எறங்கணும்?

அக்கா: டிரைவர்கிட்ட சொல்லுங்க, கேடிஎம் ஸ்டேசன் கிட்ட எறக்கிவிடச் சொல்லி. சும்மா ஸ்டேசன்னு மட்டும் சொல்லாதீங்க.

பயணி: ஏன்க்கா?

அக்கா: போலீஸ் ஸ்டேசனும் ஸ்டேசன்தான்லா. அப்புறம் ரயில் ஏறுறப்பவும் பாத்து ஏறுங்க. ஒரு பக்கம் கேஎல் சென்ட்ரல் போவும், இன்னொரு பக்கம் போர்ட் கிள்ளான் போவும்.

பயணி: சரிக்கா, போயிட்டு வர்றேன்.

அக்கா: பாத்துப் போங்க. பசியாறிட்டீங்களா?

இவ்வுரையாடலில் பயணி பேசுவது மிகக் குறைவு. அவர் கேட்கும் வினாக்கள் எளியவை. அக்காவின் பேச்சே பாடத்தின் உடல். இதை மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காதால் கேட்டுப் பொருள் கொள்ளப் பழக வேண்டும்.

சொற்கள்

அக்காவின் பேச்சில் உள்ள பெரும்பாலான சொற்கள் தமிழகப் பேச்சுக்கும் உரியவை. வழி அறிவதற்கு இன்றியமையாத இடப்பெயர்ச் சொற்கள் மட்டும் மாறுகின்றன. தெருக்கள் பிரியும் இடத்தைக் குறிக்கும் ‘சிம்பாங்’ மலாய்ச் சொல். சந்தையைக் குறிக்கும் ‘பசார்’ என்பதும் மலாய் வழியே வந்தது. மலாய்மொழி அதைப் பாரசீகத்தினின்று பெற்றது. தமிழகத்தார் சொல்லும் ‘பஜார்’ அதன் உடன்பிறப்பே. சாலையைக் குறிக்கும் ‘சடக்கு’ வடஇந்திய மொழிகளின் ‘சடக்’ என்பதிலிருந்து வந்தது. மலேசியத் தமிழரிடையே, சிறப்பாகத் தோட்டப்புறத்தாரிடையே, நிலைபெற்ற சொல்.

இவற்றை அயற்சொற்கள் என ஒதுக்கி, ‘சந்திப்பு’, ‘சந்தை’, ‘சாலை’ என்று மாற்றி அச்சிடும் வழக்கம் உண்டு. நூல்நடைக்கு அது பொருந்தும். வழிகேட்கும் உரையாடலுக்கு அது கேடு செய்யும். ‘சந்திப்பு’ என்று கற்ற மாணவர் பந்திங் தெருவில் அச்சொல்லுக்காகக் காத்திருப்பார். காதில் விழுவதோ ‘சிம்பாங்’. தெரியாத சொல் ஒன்று வந்தால் அது ஒரு கடையின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ என்று எண்ணத் தொடங்குவார். அதற்குள் “திரும்பாதீங்க” என்பது அவரைக் கடந்து போய்விடும்.

‘ஸ்டேசன்’ என்னும் சொல் வேறு வகைச் சிக்கல் உடையது. இது மாணவருக்குத் தெரிந்த சொல். தெரிந்த சொல் என்பதாலேயே ஏமாற்றக்கூடியது. மலேசியத் தமிழ்ப் பேச்சில் பேருந்து நிலையம், காவல் நிலையம், எரிபொருள் நிலையம், தொடர்வண்டி நிலையம் ஆகிய நான்கும் ஸ்டேசன்களே. முன்னடை இல்லாமல் ‘ஸ்டேசன்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவர் இடத்தையும் சூழலையும் கொண்டு பொருள் கொள்வார். தொடர்வண்டி இல்லாத பந்திங்கில் தொடர்வண்டி நிலையம் முதலில் நினைவுக்கு வர இடமில்லை. ‘ரயில் ஸ்டேசன்’ என்றோ, தொடர்வண்டி நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கத்தைச் சேர்த்துக் ‘கேடிஎம் ஸ்டேசன்’ என்றோ சொல்ல வேண்டும். அக்கா தரும் அறிவுரை இதுவே.

‘பசியாறிட்டீங்களா’ என்பது, பசி தீர்ந்ததா என்று கேட்பதாக நூல்வழித் தமிழர் பொருள் கொள்ளும் தொடர். மலேசியத் தமிழில் ‘பசியாறுதல்’ காலை உணவு உண்ணுதலைக் குறிக்கும். முன்பின் அறியாதவரிடமும் பரிவோடு கேட்கும் வினா அது. வழி சொல்லி முடிந்தது என்பதற்கும் அதுவே அடையாளம். அதற்குப் பின் புதிய திருப்பம் எதுவும் வராது.

அக்கா இளைஞரைத் ‘தம்பி’ என்று விளித்தும் ‘போங்க’, ‘திரும்புங்க’ என்று பன்மையில் பேசுவதையும் ஆசிரியர்கள் எடுத்துக்காட்ட வேண்டும். உறவுப்பெயர் நெருக்கத்தைக் காட்டுகிறது. வினைமுற்று அறியாதவருக்குரிய மதிப்பைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே தொடரில் நிற்பது முரண் அன்று. ‘ஸ்டேசன்தான்லா’ என்பதன் இறுதியில் வரும் ‘லா’ மலாயிலிருந்து வந்த இடைச்சொல். அது புதிய செய்தி எதையும் சேர்ப்பதில்லை. சொன்னதை உரிமையோடு வலியுறுத்துகிறது.

ஒலிபெயர்ப்பு ஏன் வேண்டும்?

பேச்சையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்ட பிறகு, தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு ஒலிபெயர்ப்பு எதற்கு என்னும் வினா எழலாம். நகரத்தின் பெயரே அதற்கு விடை தருகிறது.

தமிழில் வல்லெழுத்துகளின் ஒலிப்பு, அவை நிற்கும் இடத்தால் அமைகிறது. ‘தந்தி’ என்னும் சொல்லில் முதலில் உள்ள தகரம் அதிர்வின்றி ஒலிக்கும். மெல்லெழுத்தை அடுத்து வரும் ‘தி’ குரல்நாள அதிர்வோடு ஒலிக்கும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. தமிழ்ச் சொற்களுக்கு இது குறையன்று. இடத்தைப் பார்த்தே ஒலியை அறியலாம். இவ்விதியைக் கற்ற ஒருவர் ‘பந்திங்’ என்பதைப் படித்தால், முதலெழுத்தை அதிர்வின்றியும், ‘தி’ என்பதை அதிர்வோடும் ஒலிப்பார். மலாய் ஒலிப்போ இதற்கு நேர்மாறானது. முதலில் உள்ள பகரம் அதிர்வுடையது. மெல்லெழுத்தை அடுத்த தகரம் அதிர்வற்றது. எழுத்தை நம்பிப் படித்தவர் இரண்டு இடங்களிலும் தவறுவார்.

‘சிம்பாங்’ என்பதும் அவ்வாறே. தமிழ் விதிப்படி மகரத்தை அடுத்த பகரம் அதிர வேண்டும். மலாயில் அது அதிராது. இறுதியில் நிற்கும் ‘ங்’ மற்றொரு தடை. தமிழ்ச் சொல் எதுவும் அவ்வெழுத்தில் முடிவதில்லை. ஆகவே புதியவர் அதனோடு ஒரு ககரத்தையும் உகரத்தையும் கூட்டிச் ‘சிம்பாங்கு’ என்று முடிக்க முனைவார்.

இவற்றோடு ‘கிள்ளான்’ என்பதை ஒப்பிடுவது பயன் தரும். மலாய்ப் பெயரின் தொடக்கத்தில் ககரமும் லகரமும் இடையே உயிர் இன்றி இணைந்து நிற்கும். இறுதியில் ‘ங்’ வரும். தமிழர் இடையே இகரத்தைச் சேர்த்தனர். லகரத்தை ளகரமாக்கி இரட்டித்தனர். இறுதியை ‘ன்’ ஆக்கினர். இப்போது அது எழுதியபடியே ஒலிக்கும் தமிழ்ச் சொல். ஒலிக்குறி எதுவும் அதற்கு வேண்டா. சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் ‘கம்பம்’ ஆனதும் அத்தகையதே. அதன் பகரம் மலாயில் அதிராதது. தமிழில் விதிக்கு உட்பட்டு அதிர்கிறது. ஆகவே மலேசியத் தமிழில் உள்ள மலாய்ச் சொற்கள் இருவகை: தமிழாகிவிட்டவை ஒருவகை, தமிழ் எழுத்தை அணிந்து மலாய் ஒலியோடு நிற்பவை மற்றொரு வகை. ஒலிபெயர்ப்பு இரண்டாம் வகைக்கே இன்றியமையாதது.

இதனை உரோம எழுத்தில் செய்தால் என்ன என்று கேட்கலாம். தமிழ் எழுத்தறியாதவருக்கு அது உதவும். எனினும் உரோம எழுத்தைப் படிப்பவர் ஒவ்வொருவரும் தம் மொழியின் பழக்கத்தோடு படிப்பர். அந்த அரிச்சுவடியின் மூன்றாம் எழுத்தை ஆங்கிலம் பயின்றவர் ககரமாகவோ ஸகரமாகவோ படிப்பார். மலாய் பயின்றவர் அதை எப்போதும் சகரமாகவே படிப்பார். ஒரே வரியை மலேசிய மாணவரும் தமிழக மாணவரும் இருவேறாக ஒலிப்பர். தமிழ் எழுத்தறிந்த மாணவருக்குத் தமிழ் எழுத்திலேயே சில குறிகளைச் சேர்த்துக் காட்டுவது பாதுகாப்பானது.

மூன்று குறிகள்

நாம் கையாளும் குறிகள் மூன்றே. முதலாவது, மேலெண். வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவோர், அதிர்வுடைய வல்லொலியைக் காட்ட எழுத்தின் மேல் 3 என்னும் எண்ணை இடுவது பழைய வழக்கம். அதையே இங்கும் கொள்கிறோம். அதிர்வு இல்லை என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில் 1 என்னும் எண்ணை இடுகிறோம். தமிழ் விதிப்படி ஒலிக்கும் எழுத்துகளுக்கு எண் எதுவும் இல்லை.

இரண்டாவது, ‘~’ என்னும் அலைக்குறி. பேச்சுத்தமிழில் சொல்லிறுதியில் வரும் மகரமும் னகரமும் பல இடங்களில் தனியே ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. ‘வரும்’ என்பதில் உதடுகள் மூடுவதில்லை. உகரம் மூக்கின் வழியாகவும் ஒலித்து முடிகிறது. அந்த மூக்குயிரை அலைக்குறி காட்டும்.

மூன்றாவது, ‘·’ என்னும் நடுப்புள்ளி. ‘இருக்கு’ என்பதன் இறுதி உகரம் இதழ் குவியாமல் குறுகி ஒலிப்பது. தொல்காப்பியம் சார்பெழுத்துகளுள் ஒன்றாகக் குற்றியலுகரம் என்று பெயரிட்ட ஒலி இது. தமிழைப் பிறமொழியாகக் கற்பவர் இதை இதழ் குவித்து நீட்டிவிடுவதால் குறி வேண்டியதாயிற்று.

மொழிமுதலில் வரும் சகரம் இப்பேச்சில் பெரும்பாலும் ஸகரமாகவே ஒலிக்கிறது. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், தனிக்குறி வேண்டா. இனி, அக்காவின் பேச்சில் சில தொடர்களை ஒலிபெயர்த்துக் காண்போம். முதல் வரி பேச்சு, அடுத்தது ஒலிபெயர்ப்பு, மூன்றாவது நூல்நடை.

பந்திங்ல ரயில் இல்ல தம்பி.
ப³ந்தி¹ங்ல ரயிலில்ல தம்பி.
பந்திங்கில் தொடர்வண்டி இல்லை, தம்பி.

கிள்ளானுக்குத்தான் போவணும்.
கிள்ளானுக்குத்தா~ போவணு~.
கிள்ளானுக்குத்தான் போகவேண்டும்.

மொத சிம்பாங் வரும், அதுல திரும்பாதீங்க.
மொத சிம்பா¹ங் வரு~, அதுல திரும்பாதீங்க.
முதல் சந்திப்பு வரும், அதில் திரும்பாதீர்கள்.

கொஞ்ச தூரம் போனா பசார் வரும்.
கொஞ்ச தூரோ~ போனா பசாரு· வரு~.
சிறிது தூரம் போனால் சந்தை வரும்.

முதல் தொடரில் ‘தம்பி’ என்பதற்கு மேலெண் இல்லாததையும், ‘பந்திங்’ என்பதற்கு இரண்டு எண்கள் உள்ளதையும் மாணவர் நோக்க வேண்டும். இரண்டிலும் மெல்லெழுத்தை அடுத்து வல்லெழுத்து வருகிறது. ‘தம்பி’ தமிழ் விதிக்கு அடங்கும், ‘பந்திங்’ அடங்காது. குறி இருந்தால் விதி இங்கே செல்லாது என்பது பொருள். எல்லா எழுத்துக்கும் குறி இட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வரியும் படிக்க இயலாததாகும்.

காதில் நழுவும் இரண்டு இடங்கள்

குறிகளால் மட்டும் தீராத சிக்கல்கள் சில உண்டு. அவற்றுள் வழி அறிவதற்கு இன்றியமையாத இரண்டைச் சொல்வோம்.

ஒன்று, ‘போனா’ என்னும் வடிவம். நூல்நடையில் ‘போனால்’ என்பது நிபந்தனை வினையெச்சம். ‘போனாள்’ என்பது பெண்பால் வினைமுற்று. பேச்சில் முன்னதன் லகரமும் பின்னதன் ளகரமும் மறைந்து இரண்டும் ‘போனா’ என்றே ஒலிக்கின்றன. “கொஞ்ச தூரம் போனா” என்பதைக் கேட்ட நூல்வழி மாணவர், யாரோ ஒரு பெண் சிறிது தூரம் சென்றதாகப் பொருள் கொள்ளக்கூடும். வேறுபாட்டை ஒலிபெயர்ப்பு வரி காட்டாது. தொடரின் அமைப்பே காட்டும். வழி சொல்லும்போது ‘போனா’ என்பதில் தொடர் முடிவதில்லை. குரல் தாழாமல் நிற்கும். அடுத்து ‘வரும்’, ‘தெரியும்’, ‘இருக்கும்’ என்று ஓர் எதிர்கால வினை வரும். ‘தாண்டிட்டா’ என்பதும் அத்தகையதே. அது ‘தாண்டிவிட்டால்’ என்பதன் பேச்சு வடிவம். ‘-ஆ’ என முடியும் வினையைக் கேட்டவுடன் அடுத்த வினைக்காகக் காத்திருக்க மாணவரைப் பழக்க வேண்டும்.

மற்றொன்று, சொல்லின் முதலுயிர். அகரவரிசையில் ‘இறங்கு’ என்று தேடிக் கற்றவருக்கு ‘எறங்கு’ அறிமுகமில்லாத சொல்லாகத் தோன்றும். இதற்கு ஒழுங்கான விதி உண்டு. சொல்லின் முதலில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யும் அதன்மேல் அகரமோ ஐகாரமோ வந்தால், இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறும். ‘இடம்’ என்பது ‘எடம்’ ஆகும். ‘இலை’ என்பது ‘எலை’ ஆகும். ‘முதல்’ என்பது ‘மொதல்’ ஆகும். ‘குடை’ என்பது ‘கொடை’ ஆகும். ‘திரும்பு’ என்பதில் அடுத்த உயிர் உகரம் ஆதலால் மாற்றம் இல்லை. இவ்வொரு விதியை அறிந்தவர், பேச்சில் கேட்ட பல சொற்களைத் தாமே நூல்வடிவுக்கு மீட்டுக்கொள்வார்.

வகுப்பில் சோதிக்கும் முறை

மாணவர் இவ்வுரையாடலை அறிந்தாரா என்பதை ஒப்புவிக்கச் செய்து அறிய முடியாது. நாம் பரிந்துரைக்கும் முறை எளியது. ஆசிரியர் அச்சுத் தாளை மூடிவைக்கச் சொல்லி, அக்காவின் பகுதியை இயல்பான விரைவில் இருமுறை படிக்க வேண்டும். மாணவர் வெற்றுத் தாளில் வழியை வரைய வேண்டும். வரைபடத்தில் மூன்று செய்திகளை மட்டும் பார்க்கலாம்: எந்தச் சிம்பாங்கில் திரும்பினார், எந்தப் பக்கம் திரும்பினார், பேருந்து நிலையத்தைப் பசாருக்கு முன் வைத்தாரா, பின் வைத்தாரா.

தவறு எங்கே உள்ளது என்பதை வரைபடமே சொல்லிவிடும். முதல் சிம்பாங்கிலேயே திரும்பியவர் ‘திரும்பு’ என்னும் பகுதியைக் கேட்டு, அடுத்த எதிர்மறை ‘-ஆத்-’ என்பதைத் தவறவிட்டவர். அவருக்குத் ‘திரும்புங்க – திரும்பாதீங்க’, ‘எறங்குங்க – எறங்காதீங்க’ என்னும் இணைகளைக் கேட்கும் பயிற்சி வேண்டும். பேருந்து நிலையத்தைப் பசாருக்கு முன்னே வைத்தவருக்குத் ‘தாண்டிட்டா’ என்பது விளங்கவில்லை. சிம்பாங்கையே வரையாமல் நேர்கோடு இட்டவருக்கு அச்சொல் காதில் தனியே பிரியவில்லை; அவர் ஒலிபெயர்ப்பு வரிக்குத் திரும்ப வேண்டும்.

உரையாடலில் பயணி “ரெண்டாவது சிம்பாங், ரைட்டு” என்று திருப்பிச் சொல்வதை அலங்காரமாகக் கருதலாகாது. விடை முழுவதும் விளங்காதபோதும், விளங்கிய இரண்டு சொற்களைத் திருப்பிச் சொன்னால், வழி சொல்பவர் ‘ஆமா’ என்பார், இல்லையேல் திருத்துவார். விளங்காததை மறைத்துத் தலையசைப்பவருக்கு அந்த உதவி கிடைக்காது. ஒலிப்புப் பயிற்சிக்கு முன்னரே இப்பழக்கத்தைக் கற்பித்துவிடலாம்.

எல்லைகள்

இவ்வுரையாடல் மலேசியத் தமிழர் அனைவர் பேச்சையும் குறிப்பதன்று. தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ‘சடக்கு’ என்னும் இடத்தில் நகரத்து இளைஞர் ‘ரோடு’ எனலாம். கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், இருப்புப்பாதைத் துறையில் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்கள் வாழ்ந்தன. கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டதும் அவ்வட்டாரத்திலேயே. யாழ்ப்பாண வழக்கில் எழுதுவோர் இதே நிலையத்தை ‘ஸ்ரேசன்’ என்று எழுதுவர். ஆங்கிலச் சொல்லில் நுனிநா பல்லின் மேலண்ணத்தைத் தொட்டு எழும் ஒலிக்குத் தமிழகத்தார் டகர வரிசையைத் தேர்ந்தனர்; யாழ்ப்பாணத்தார் ரகர வரிசையைத் தேர்ந்தனர். எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு ‘ஸ்டேசன்’ என்பதும் ‘ஸ்ரேசன்’ என்பதும் இருவேறு சொற்களாகத் தோன்றும். இரண்டும் ஒரே ஆங்கில ஒலிக்குத் தமிழ் எழுத்தில் அமைந்த இருவகை ஒலிபெயர்ப்புகளே.

ஆதலின் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊருக்குரிய உரையாடலைத் தாமே அமைத்துக்கொள்வது நன்று. ஊரார் ஒருவரிடம் உண்மையாகவே வழி கேட்டு, அவர் இசைவோடு விடையைப் பதிவு செய்து, எழுதியபின் அவருக்கே படித்துக் காட்டலாம். “நான் இப்படியா சொன்னேன்?” என்று அவர் ஐயுறும் இடங்களில், நமது கை அறியாமல் நூல்நடைக்குத் திருத்தியிருக்கும். அவ்விடங்களைப் பதிவோடு ஒப்பிட்டு, அவர் சொன்ன சொல்லையே மீண்டும் இடுக. இறுதியில், தமிழ் எழுத்து தன் விதிப்படி தராத ஒலிகளுக்கு மட்டும் குறி இடுக.